புகார் வராத பிரிவு: நிறுவனப் பண்பாட்டுத் தணிக்கையில் மூன்று சான்றுகளை ஒப்பிட்டு வாசித்தல்

ஒரு நிறுவனத்தின் பண்பாட்டையும் நெறிமுறையையும் தணிக்கை செய்யப் புறப்படும் குழுவின் கையில் பொதுவாக மூன்று வகைச் சான்றுகள் இருக்கும்: ஊழியர் கருத்தாய்வின் முடிவுகள், நேர்காணல் குறிப்புகள், நடத்தை தொடர்பான புகார்களின் பதிவேடு. மூன்றையும் திரட்டுவது பெரிய வேலை இல்லை. அவை ஒன்றோடொன்று முரண்படும்போது எதை நம்புவது என்று தீர்மானிப்பதுதான் கடினம். அதிலும், புகாரே வராத ஒரு பிரிவைப் பற்றி என்ன முடிவுக்கு வருவது என்ற கேள்வியில்தான் பெரும்பாலான பண்பாட்டுத் தணிக்கைகள் தடுமாறுகின்றன. புகார் இல்லை என்பதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம்: அங்கே தவறு நடக்காமல் இருக்கலாம், அல்லது நடந்தும் யாரும் வாய் திறக்காமல் இருக்கலாம். பதிவேட்டை மட்டும் பார்த்தால் இந்த இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

எண்ணிக்கை குறைந்தால் நல்லது என்ற எண்ணம் நிர்வாகக் குழுக்களில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. காலாண்டு அறிக்கையில் புகார்கள் குறைந்திருந்தால் அந்தக் கட்டம் பச்சை நிறத்தில் காட்டப்படுகிறது. ஆனால் அமெரிக்கப் பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களின் உள்புகார்த் தரவுகளை ஸ்டீபன் ஸ்டப்பன், கைல் வெல்ச் என்ற இரு கணக்கியல் ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2020-இல் வெளியிட்ட கட்டுரை இதற்கு நேர்மாறான திசையைக் காட்டியது. உள்புகார் முறையை அதிகமாகப் பயன்படுத்திய நிறுவனங்கள் மீது பின்னாளில் தொடரப்பட்ட வழக்குகள் குறைவாக இருந்தன. சமரசத்துக்காக அவை செலுத்திய தொகையும் குறைவாக இருந்தது. உள்ளே பேச முடிந்த இடத்தில் பிரச்சினை சிறிதாக இருக்கும்போதே பிடிபடுகிறது என்று இதை விளங்கிக்கொள்ளலாம். ஆனால் இது ஒரு தொடர்பைக் காட்டுகிறதே தவிர, புகார் அதிகமாக உள்ள ஒவ்வொரு பிரிவும் ஆரோக்கியமானது என்று சான்றளிக்கவில்லை. ஆகவே எண்ணிக்கை கூடுதலா குறைவா என்பதோடு நின்றுவிடாமல், அந்த எண் எப்படி உருவானது என்பதைத் தணிக்கையாளர் பின்தொடர வேண்டியிருக்கிறது.

இதை விளக்குவதற்காக ஒரு நிறுவனத்தைக் கற்பனையாக அமைத்துக்கொள்வோம். கீழே வரும் எண்கள் அனைத்தும் அந்த எடுத்துக்காட்டுக்காக வகுக்கப்பட்டவை. நிறுவனத்தில் 900 பேர் வேலை செய்கிறார்கள். விற்பனைப் பிரிவில் 120 பேர், கிடங்குப் பிரிவில் 140 பேர். கடந்த மூன்று ஆண்டுகளில் கிடங்கிலிருந்து 21 நடத்தைப் புகார்களும் விற்பனையிலிருந்து 2 புகார்களும் பதிவாகியுள்ளன. பிரிவுகளின் அளவு வேறுபடுவதால், நூறு பேருக்கு ஆண்டுக்கு எத்தனை என்று மாற்றினால்தான் ஒப்பிட முடியும்: கிடங்கில் அது 5, விற்பனையில் ஏறக்குறைய 0.6. கருத்தாய்விலும் விற்பனைப் பிரிவே முன்னால் நிற்கிறது. அங்கே 120 பேரில் 115 பேர் பதிலளித்திருக்கிறார்கள். அவர்களில் 90 விழுக்காட்டினர் “தவறு கண்டால் அச்சமின்றிச் சொல்ல முடியும்” என்ற கூற்றை ஏற்றிருக்கிறார்கள். கிடங்கில் 99 பேர்தான் பதிலளித்தார்கள். அந்தக் கூற்றை ஏற்றவர்கள் 64 விழுக்காடு. இதை அப்படியே அறிக்கையில் வைத்தால், கிடங்கில் சிக்கல் இருக்கிறது, விற்பனை முன்மாதிரியாகத் திகழ்கிறது என்றுதான் எவரும் வாசிப்பார்கள்.

முதலில் சந்தேகிக்க வேண்டியது 96 விழுக்காடு பதில் வந்திருப்பதைத்தான். விருப்பத்தின்பேரில் நிரப்பும் ஒரு கருத்தாய்வில் விடுப்பில் இருப்பவர்கள், பயணத்தில் இருப்பவர்கள், ஆர்வம் இல்லாதவர்கள் என்று கணிசமானோர் விடுபடுவது இயல்பு. அநேகமாக ஒருவர்கூட விடுபடவில்லை என்றால் பின்னால் ஏதோ ஒரு தூண்டுதல் இருந்திருக்க வேண்டும். அது நல்ல ஊக்கமாகவும் இருக்கலாம், கட்டாயமாகவும் இருக்கலாம். இதைப் பிரித்தறிய, தனிநபர் யார் என்று தெரியாதபடி, பதில்கள் வந்துசேர்ந்த நேரப் பரவலை மட்டும் தருமாறு ஆய்வை நடத்திய வெளிநிறுவனத்திடம் கேட்கலாம். நம் எடுத்துக்காட்டில் மற்ற பிரிவுகளின் பதில்கள் இரண்டு வாரங்களில் பரவி வந்திருக்க, விற்பனைப் பிரிவின் 115 பதில்களில் 78 பதில்கள் ஒரே பிற்பகலில் நாற்பது நிமிடங்களுக்குள் வந்திருக்கின்றன. எல்லோரையும் கூட்ட அறையில் உட்காரவைத்து, மேலாளர் முன்னிலையில் நிரப்பச் செய்திருக்கிறார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான தடயம் கிடைப்பது அரிது. திறந்தநிலைக் கேள்விகளுக்கு ஒரு சொல்லில் பதில் முடிந்திருப்பதும், “கருத்துச் சொல்ல விரும்பவில்லை” என்ற தெரிவை ஒருவர்கூடத் தொடாமல் விட்டிருப்பதும் அதே திசையைத்தான் காட்டுகின்றன.

அப்படியானால் அந்தக் கருத்தாய்வைத் தூக்கி எறிந்துவிடலாமா? தேவையில்லை. கருத்தைக் கேட்கும் கேள்வியும் நிகழ்வைக் கேட்கும் கேள்வியும் அழுத்தத்தின்கீழ் ஒரே மாதிரி வளைவதில்லை. “நம் நிறுவனம் நேர்மையானது” என்ற கூற்றுக்கு ஆம் என்று குறித்துவிட்டு நகர்வது எளிது. “கடந்த 12 மாதங்களில் விதிமீறலை நீங்கள் நேரில் கண்டீர்களா? கண்டிருந்தால் யாரிடமாவது சொன்னீர்களா? யாரிடம் சொன்னீர்கள்? சொல்லவில்லை என்றால் ஏன்?” என்ற கேள்விவரிசைக்குப் பதில் எழுதும்போது, மனிதர்கள் தாங்கள் கண்டதை நினைத்துப் பார்க்கிறார்கள். நெறிமுறை சார்ந்த கருத்தாய்வில் இந்த நான்கு கேள்விகள் இல்லையென்றால் மற்ற ஐம்பது கேள்விகளால் தணிக்கைக்குப் பெரிய பயன் இல்லை என்றே நான் கருதுகிறேன். ஏனெனில் புகார்ப் பதிவேட்டோடு நேரடியாக ஒட்டிப் பார்க்கக் கூடியவை இவை மட்டுமே.

ஒட்டிப் பார்க்கும் கணக்கு மிக எளிமையானது. கிடங்கில் பதிலளித்த 99 பேரில் 20 பேர் விதிமீறலைக் கண்டதாகவும் அவர்களில் 13 பேர் அதைத் தெரிவித்ததாகவும் சொல்கிறார்கள். அந்த ஆண்டுப் பதிவேட்டில் 8 புகார்கள் உள்ளன. ஒரே சம்பவத்தை இரண்டு மூன்று பேர் கண்டு தனித்தனியே சொல்லியிருக்கலாம் என்பதால் 13-க்கும் 8-க்கும் இடையிலான இடைவெளி கவலைக்குரியது அல்ல. விற்பனையில் 115 பேரில் 17 பேர் விதிமீறலைக் கண்டிருக்கிறார்கள், 9 பேர் அதைத் தங்கள் நேரடி மேலதிகாரியிடம் சொல்லியிருக்கிறார்கள். பதிவேட்டில் அந்த ஆண்டுக்கு இருப்பது ஒரே ஒரு புகார். அதுவும் தலைமையகத்துக்கு வந்த பெயரில்லாக் கடிதம். அந்த ஒன்பது பேரும் ஒரே சம்பவத்தைத்தான் சொன்னார்கள் என்று வைத்துக்கொண்டாலும், மேலதிகாரி வழியாக வந்த ஒரு பதிவாவது இருந்திருக்க வேண்டும். ஒன்றுகூட இல்லை. ஆகவே விற்பனைப் பிரிவு ஊழியர்கள் மௌனமாக இருக்கிறார்கள் என்பதுகூடச் சரியான விவரிப்பு அல்ல. அவர்கள் சொல்லியிருக்கிறார்கள், சொன்னது குழுத் தலைவர் மட்டத்தைத் தாண்டவில்லை. கண்காணிப்பில் நிரப்பப்பட்ட ஆய்வில் இத்தனை பேர் இதை எழுதியிருக்கிறார்கள் என்றால், உண்மையான எண்ணிக்கை இதைவிடக் கூடுதலாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

இவ்வகைக் கணக்குக்கு ஓர் எல்லை உண்டு என்பதை மறக்கக் கூடாது. பத்துப் பேர் மட்டுமே உள்ள குழுவில் ஒருவர் மனம் மாறினால் முடிவு பத்து விழுக்காட்டுப் புள்ளி நகர்ந்துவிடும். அதோடு யார் என்ன சொன்னார் என்பதும் ஊகிக்கத்தக்கதாகிவிடும். அதனால்தான் ஐந்து அல்லது பத்துப் பேருக்குக் குறைவாகப் பதிலளித்த குழுவின் முடிவைத் தனியாக வெளியிடாமல் பெரிய குழுவோடு சேர்த்துவிடுவது வழக்கம். மறுபுறம், 900 பேரின் சராசரியை மட்டும் பார்த்தால் விற்பனைப் பிரிவின் நிலை மற்றவர்களின் எண்களுக்குள் மறைந்துபோகும். ஒரு நிறுவனத்துக்கு ஒரே பண்பாடு இருப்பதில்லை. மேலாளருக்கு மேலாளர், தளத்துக்குத் தளம் அது மாறுகிறது. அடையாளம் வெளிப்படாத அளவுக்குப் பெரிதாகவும், வேறுபாடு மறையாத அளவுக்குச் சிறிதாகவும் அலகைத் தெரிவு செய்ய வேண்டும். அதைத் தணிக்கை தொடங்கும் முன்பே முடிவு செய்துகொள்வது நல்லது. முடிவைப் பார்த்த பிறகு அலகை மாற்றினால் வேண்டியதைத் தேடி எடுத்ததாகக் குற்றச்சாட்டு வரும்.

அடுத்ததாகப் பதிவேடு. தணிக்கையாளர் முதலில் செய்ய வேண்டியது அதன் முழுமையைச் சோதிப்பதுதான். புகார்கள் ஒரே வாசல் வழியாக வருவதில்லை. இரகசியத் தொலைபேசி இணைப்பு, மனிதவளத் துறை, சட்டப் பிரிவு, பாதுகாப்புப் பிரிவு, நேரடி மேலாளர் என்று பல இடங்களில் தனித்தனிக் குறிப்புகள் இருக்கும். இவற்றையெல்லாம் வாங்கி, ஒரே விவகாரம் எங்கெங்கே எந்தப் பெயரில் பதிந்திருக்கிறது என்று ஒப்பிட வேண்டும். நடத்தைப் புகாராக வந்த ஒன்று மனிதவளத் துறையில் “தனிப்பட்ட மனத்தாங்கல்” என்று வகைமாறிப் போவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. “இதர” என்ற வகை மொத்தத்தில் கால்பங்கைத் தாண்டினால், வகைப்படுத்துபவர் பெயர் சூட்டத் தயங்குகிறார் என்று எடுத்துக்கொள்ளலாம்.

அதன் பிறகு கோப்புகளை வாசிக்க வேண்டும். “ஆதாரம் போதவில்லை” என்று மூடப்பட்டவற்றைத் தவறாமல் எடுத்துப் பார்க்க வேண்டும். நம் விற்பனைப் பிரிவின் இரண்டு புகார்களில் முந்தையது, பெயரோடு வந்தது. விசாரித்தவர் விற்பனைத் தலைவரின் உதவியாளர். பதினொரு நாட்களில் “ஆதாரம் போதவில்லை” என்று கோப்பு மூடப்பட்டது. சாட்சிகளாகக் குறிப்பிடப்பட்ட இருவரில் ஒருவரைக்கூட அழைத்து விசாரித்ததற்கான குறிப்பு கோப்பில் இல்லை. புகார் கொடுத்தவர் நான்கு மாதங்களுக்குப் பிறகு வேறு ஊருக்கு மாற்றப்பட்டிருக்கிறார். இந்தக் கடைசித் தகவல் புகார்ப் பதிவேட்டில் இருக்காது. அதைச் சம்பளப் பட்டியலிலும் மதிப்பீட்டுப் பதிவுகளிலும் தேடி எடுக்க வேண்டும். பெயரோடு புகார் கொடுத்த ஒவ்வொருவருக்கும் அடுத்த 12 மாதங்களில் என்ன ஆயிற்று, மதிப்பீடு இறங்கியதா, மாற்றம் வந்ததா, வேலையை விட்டாரா என்று பின்தொடர்வது தணிக்கையில் மிக அதிகப் பயன் தரும் சோதனைகளுள் ஒன்று. ஒருவருக்கு மாற்றம் வந்தது தற்செயலாக இருக்கலாம் என்பது உண்மை. ஆனால் அந்த ஒருவருக்கு நேர்ந்ததை மற்ற 119 பேரும் பார்த்திருக்கிறார்கள். அடுத்து வந்த புகார் பெயரில்லாமல் வந்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

கிடங்கின் 21 கோப்புகள் வேறு கதையைச் சொல்கின்றன. 15 புகார்கள் பெயரோடு வந்தவை, 12 நிரூபிக்கப்பட்டவை. பெயரோடு புகார் கொடுத்த 15 பேரில் 14 பேர் அதே இடத்தில் வேலை செய்கிறார்கள். அங்கே குறை இல்லாமல் இல்லை: பல புகார்கள் ஒரே பணிமுறை மேற்பார்வையாளரின் தடித்த பேச்சைப் பற்றியவை. விசாரணை முடிவு என்ன என்பது புகார் கொடுத்தவருக்குச் சொல்லப்படுவதே இல்லை. 64 விழுக்காடு என்ற தாழ்ந்த எண்ணுக்கு அந்த எரிச்சல்தான் காரணம் என்பது திறந்தநிலைப் பதில்களில் தெரிகிறது. தாழ்ந்த மதிப்பெண்ணையும் நேர்மையாகக் குறிக்க முடிந்திருக்கிறது என்பதே அந்த இடத்தைப் பற்றி ஒன்றைச் சொல்கிறது.

நேர்காணலுக்கு இப்போதுதான் வர வேண்டும். ஆய்வும் பதிவேடும் எழுப்பிய கேள்விகள் கையில் இல்லாமல் நேர்காணலுக்குப் போனால் “இங்கே எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது” என்ற பதிலோடு திரும்ப நேரும். யாரைச் சந்திப்பது என்பதை ஊழியர் பட்டியலிலிருந்து தணிக்கைக் குழுவே தெரிவு செய்ய வேண்டும். பிரிவுத் தலைவர் அனுப்பிவைப்பவர்களைச் சந்திப்பதில் பொருளில்லை. விற்பனைப் பிரிவுக்காக ஒன்பது களப் பணியாளர், மூன்று குழுத் தலைவர், சென்ற ஆண்டு விலகிய இருவர் என்று 14 பேரைச் சந்திப்பதாகக் கொள்வோம். சந்திப்பு பிரிவின் தளத்தில் நடக்கக் கூடாது. ஒலிப்பதிவு கருவி வேண்டாம். ஒருவர் கேட்க, மற்றொருவர் குறிப்பெடுக்கட்டும். பெயர் வெளிவராது என்று வாக்குக் கொடுக்கும்போதே அதன் எல்லையையும் சொல்லிவிட வேண்டும்: உயிருக்கு ஆபத்தோ குற்றச்செயலோ தெரியவந்தால் அதை மேலே கொண்டுபோக வேண்டிய கடமை தணிக்கையாளருக்கு உண்டு. தொடக்கத்தில் இதைச் சொல்லாமல் பின்னர் வாக்கை மீறினால், அந்த நிறுவனத்தில் அடுத்த தணிக்கைக்கு யாரும் பேச மாட்டார்கள்.

கேள்விகள் குணத்தைக் கேட்காமல் சம்பவத்தைக் கேட்க வேண்டும். “உங்கள் மேலாளர் நேர்மையானவரா?” என்று கேட்டால் ஆம் என்பார்கள். “கடைசியாக எந்த மாதம் இலக்கு எட்டாது என்று தெரிந்தது? அந்த மாதத்தின் கடைசி மூன்று நாட்கள் எப்படிப் போயின?” என்று கேட்டால் மனிதர்கள் விவரிக்கத் தொடங்குகிறார்கள். நம் எடுத்துக்காட்டில் 14 பேரில் ஏழு பேர், ஒருவர் சொன்னது மற்றவருக்குத் தெரியாமல், ஒரே நடைமுறையை விவரிக்கிறார்கள்: வாடிக்கையாளர் உறுதி செய்யாத ஆர்டரை மாதக் கடைசியில் பதிந்துவிட்டு, அடுத்த மாதம் முதல் வாரத்தில் இரத்து செய்வது. இதைக் குழுத் தலைவரிடம் சொன்னபோது “நான் பார்த்துக்கொள்கிறேன்” என்ற பதில் கிடைத்ததாக மூன்று பேர் சொல்கிறார்கள். நேர்காணலில் கேட்ட எதையும் அப்படியே முடிவாக எழுதக் கூடாது என்பதால், தணிக்கையாளர் ஆர்டர் பதிவுகளுக்குப் போகிறார். மாதத்தின் மற்ற நாட்களில் பதியப்பட்ட ஆர்டர்களில் 4 விழுக்காடு இரத்தாகின்றன. கடைசி மூன்று நாட்களில் பதியப்பட்டவற்றில் 18 விழுக்காடு அடுத்த முதல் வாரத்திலேயே இரத்தாகின்றன. பண்பாடு பற்றிய பேச்சு இந்த இடத்தில் எவரும் மறுக்க முடியாத வணிகப் பதிவோடு வந்து இணைகிறது. டச்சு மத்திய வங்கி 2011 முதல் வங்கிகளின் நடத்தையையும் பண்பாட்டையும் மேற்பார்வை செய்து வருகிறது. அந்தப் பணிக்கு உளவியலாளர்களையும் அமர்த்தியிருக்கிறது. அத்தகைய பயிற்சி இல்லாத தணிக்கைக் குழுக்களுக்கு, கேட்டதைப் பதிவுகளில் சரிபார்க்கும் இந்தப் பழக்கம்தான் பெரிய பாதுகாப்பு.

காரணத்தைத் தேடாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு வெல்ஸ் ஃபார்கோ வங்கி அறியப்பட்ட சான்று. வாடிக்கையாளருக்குத் தெரியாமல் அவர்கள் பெயரில் கணக்குகள் திறக்கப்பட்டதற்காக 2016 செப்டம்பரில் அந்த வங்கிக்கு மொத்தம் 18.5 கோடி டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் ஏறக்குறைய 5,300 ஊழியர்கள் இதே காரணத்துக்காகப் பணிநீக்கம் செய்யப்பட்டிருந்தார்கள். அதாவது புகார்கள் வந்தன, விசாரிக்கப்பட்டன, தண்டனையும் வழங்கப்பட்டது. வங்கியின் சுயேச்சை இயக்குநர்கள் 2017 ஏப்ரலில் வெளியிட்ட விசாரணை அறிக்கை, உள்தணிக்கைத் துறை இந்தப் புகார் நடைமுறைகளைப் பொதுவாகப் பயனுள்ளவை என்றே மதிப்பிட்டதாகவும், முறைகேட்டின் அடிப்படைக் காரணத்தைப் பரந்த அளவில் ஆராய்வதைத் தன் பணியாகக் கருதவில்லை என்றும் பதிவு செய்தது. ஒவ்வொரு கோப்பும் தனி மனிதரின் தவறாக மூடப்பட்டுவந்தது. விற்பனை இலக்கின் அழுத்தம் எந்தக் கோப்பிலும் குற்றவாளியாகப் பெயர் பெறவில்லை.

நம் விற்பனைப் பிரிவிலும் அதே ஆபத்து காத்திருக்கிறது. “விற்பனைப் பிரிவின் பண்பாடு மோசமானது” என்று எழுதினால் அதன் தலைவர் அதை ஒரே கூட்டத்தில் மறுத்துவிடுவார். நிர்வாகம் ஒரு நெறிமுறைப் பயிற்சி வகுப்பை அறிவித்துவிட்டு விவகாரத்தை முடித்துவைக்கும். அறிக்கையில் எழுதப்பட வேண்டியவை கண்டறியப்பட்ட நிலைமைகள்: மேலதிகாரிகளிடம் சொல்லப்பட்ட கவலைகள் பதிவேட்டை அடையவில்லை, புகாரை விசாரித்தவர் புகாருக்குள்ளான பிரிவைச் சேர்ந்தவர், குழுத் தலைவரின் ஊக்கத்தொகை மாத இறுதி எண்ணை மட்டுமே சார்ந்திருப்பதால் இரத்தாகும் ஆர்டருக்கும் பணம் கிடைக்கிறது, கருத்தாய்வு மேலாளர் முன்னிலையில் நிரப்பப்பட்டதற்கான அறிகுறிகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் ஒரு சான்று இருக்கிறது, ஒவ்வொன்றையும் ஒரு குறிப்பிட்ட நபர் குறிப்பிட்ட தேதிக்குள் மாற்ற முடியும். ஊக்கத்தொகையை முப்பது நாட்கள் கழித்து நிலைத்திருக்கும் ஆர்டர்களுக்கு மட்டும் கணக்கிடுவது அப்படிப்பட்ட ஒரு மாற்றம்.

தொடர்தணிக்கைக்கான அளவுகோலையும் அப்போதே எழுத்தில் வைத்துவிட வேண்டும். இந்தத் திருத்தங்கள் வேலை செய்தால், விற்பனைப் பிரிவின் புகார் எண்ணிக்கை அடுத்த ஆண்டு இறங்காது, ஏறும். 0.6 என்ற எண் 3 அல்லது 4 ஆகலாம். பதில் விழுக்காடு 96-லிருந்து 75-க்கு இறங்கலாம். “அச்சமின்றிச் சொல்ல முடியும்” என்பதை ஏற்போரும் குறையலாம். மாதக் கடைசி ஆர்டர்களின் இரத்து விகிதம் மட்டும் குறைய வேண்டும். வரும் புகார்களில் பெயரோடு வருபவற்றின் பங்கு கூட வேண்டும். இயக்குநர் குழுவுக்கு இதை முன்கூட்டியே சொல்லி, கூட்டக் குறிப்பில் பதிய வைக்காவிட்டால், 12 மாதங்கள் கழித்து வரும் காலாண்டு அறிக்கையில் அந்தக் கட்டம் சிவப்பாகும்போது, தணிக்கை வந்துதான் நன்றாக இருந்த பிரிவைக் கெடுத்தது என்று விற்பனைத் தலைவர் வாதிடுவார். அவர் கையில் எண்களும் இருக்கும்.